கணக்கும் சரக்கும் – 9: பன்னிரண்டு குறைகிறது

ஒரகடம் பக்கத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாகக் குடோன், ஏப்ரல் 1 அன்று பழைய மென்பொருளை மூடிவிட்டு எஸ்ஏபிக்கு மாறியது. அன்றைய இரவு ஷிப்ட் கிளார்க்கின் கைக்கு வந்த முதல் பிக் லிஸ்டில் கிளட்ச் பிளேட் 15 கேட்டிருந்தார்கள். திரையில் இருப்பு 18. ரேக்கில் இருந்ததோ 6.

"மேல் தட்டு, பக்கத்து ரேக்கு எல்லாம் பார்த்துட்டேன் தம்பி. இவ்வளவுதான் இருக்கு" என்றார் லோடுமேன்.

கிளார்க் `MB51` திறந்து பார்த்தார். ஒரே ஒரு வரிதான்: `561`, அதாவது ஆரம்ப இருப்பாக ஏற்றிய 18. அதற்குப் பிறகு எந்த வரவும் இல்லை, செலவும் இல்லை. 18-க்கு 6 என்றால் மூன்று மடங்கு. பெட்டிக் கணக்கும் உருப்படிக் கணக்கும் மாறிப் போயிருந்தால் இப்படித்தான் மடங்காக இடிக்கும். ஆனால் கிளட்ச் பிளேட் பெட்டிக்கு ஒன்றுதான் வரும். ஆகவே அது காரணமில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதிகம் ஓடும் சரக்குகளில் சிலவற்றை எடுத்து எண்ணிப் பார்த்தார். ஆயில் ஃபில்டர், பிரேக் ஷூ எல்லாம் சரி. கிளட்ச் கவரில் 12 குறைவு, ரிலீஸ் பேரிங்கிலும் 12 குறைவு. மூன்றும் ஒரு செட்டாகப் போகிற சரக்கு! எண்ணியதில் பிழை இருந்தால் மூன்றிலும் ஒரே எண் குறையாது. 12 செட் வெளியே போயிருக்கிறது.

செக்யூரிட்டி அறையில் கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினார். மார்ச் 31, இரவு 7.10, கையால் எழுதிய செலான், 12 செட். ஸ்டாக் எண்ணி முடித்தது அன்று மாலை 4 மணிக்கு. பழைய மென்பொருளைப் பூட்டிவிட்டதால் அவசர ஆர்டரைக் கைச்செலானில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாள் பில் பிரிவுக்குப் போகவே இல்லை.

போனில் சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். "`702` போட்டு இருப்பைச் சரி பண்ணிடுப்பா. லாரி நிக்குது."

"வேண்டாம் சார். அது நஷ்டம்னு கணக்குல ஏறிடும். நாளைக்கு யாராவது செலானைப் பார்த்து இங்கேயே பில் போட்டா மறுபடியும் 12 கழியணும். இருப்பு போதாதுன்னு நின்னுடும். இப்போ 6 அனுப்பறேன், 9 பாக்கின்னு எழுதி வைக்கிறேன்."

செலான் எண்ணும் மூன்று சரக்கின் கோடும் குறித்த தாள் காலையில் அக்கவுண்ட்ஸுக்குப் போனது. விற்பனை மார்ச்சில் நடந்தது. ஆகவே பில்லைப் பழைய ஆண்டுக் கணக்கில் சேர்த்து, அங்கே இறுதி இருப்பைக் குறைத்தார்கள். புதிய பக்கத்தில் `562` போட்டு, மூன்றிலும் ஆரம்ப இருப்பிலிருந்து 12 எடுத்தார்கள். எண்ணி முடித்ததற்கும் எஸ்ஏபியைத் தொடங்கியதற்கும் இடையில் எழுதிய கைச்செலான்களைச் சேகரிக்க ஒருவரையும் நியமிக்காதது திட்டம் போட்டவர்களின் தவறு என்றே சொல்வேன். அன்று காலை தேடியபோது மேஜை டிராயரில் இன்னும் இரண்டு செலான் கிடைத்தன.

(தொடரும்)