ராஜினாமாவுக்கு முன் ஒரு தாள்

ஸ்டார்ட்அப் நிறுவனத்தில் சில வருடம் வேலை பார்த்தவரிடம் ஈசாப் கடிதம் பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது. சேரும்போது ஒன்று, பதவி உயர்வின்போது இன்னொன்று என்று வரும். இரண்டுக்கும் ஒரே விதிதான் என்று நம்பிவிடுவதில்தான் பணம் போகிறது.

ஒருவருக்கு 2021 ஏப்ரல் 1 தேதியிட்ட முதல் கடிதத்தில் 4,800 ஆப்ஷன்கள், பங்குக்கு 10 ரூபாய் விலை. ஒரு வருடம் முடிந்ததும் 1,200 உரிமையாகும். பிறகு மாதம் 100. 2023 ஜூலை 1 தேதியிட்ட இரண்டாவதில் 2,400 ஆப்ஷன்கள், விலை 150 ரூபாய், வருடத்துக்கு 600 வீதம். அவர் 2025 ஏப்ரல் 16 அன்று ராஜினாமா கடிதம் கொடுக்கிறார்; கடைசி வேலை நாள் ஜூன் 15.

இதைத் தாளில் எழுதும்போது ‘நான்கு வருடம், 25 சதவீதம்’ என்று எழுதிப் பயனில்லை; தேதியாக எழுத வேண்டும். அப்போதுதான் முதல் கடிதம் ஏப்ரல் 1 அன்றே முழுதாகக் கைக்கு வந்துவிட்டதும், இரண்டாவதில் ஜூலை 1 அன்று வரவேண்டிய 600 வெறும் 16 நாளில் நழுவுவதும் தெரியும். சில திட்டங்களில் நோட்டீஸ் காலத்திலேயே உரிமையாவது நின்றுவிடும் என்பதால் அந்த வரியையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பணம் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளும் கெடு. இரண்டு கடிதமும் 90 நாள் என்றே சொல்கின்றன. ஆனால் முதலாவது கடைசி வேலை நாளிலிருந்து எண்ணுகிறது: செப்டம்பர் 13. இரண்டாவது ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து: ஜூலை 15. அதனால் ‘எத்தனை நாள்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எதிலிருந்து’ என்றொரு கட்டம் கட்டாயம் வேண்டும். கெடுவுக்கு எதிரே தேவைப்படும் தொகையும் இருக்கட்டும். முதல் கடிதத்துக்கு விலை 48,000 ரூபாய்தான். பங்கின் சந்தை மதிப்பு 400 ரூபாய் என்றால், 18,72,000 ரூபாய் சம்பள வருமானமாகக் கணக்காகும். 30 சதவீத வரி மட்டுமே 5,61,600. விற்க வழியில்லாத பங்குக்கு இவ்வளவு பணம் புரட்ட வேண்டும்.

வெளியேறும் விதம் மூன்றாவது. இந்திய நிறுவனச் சட்ட விதிகளின்படி, ஊழியர் இறந்தால் பாக்கி ஆப்ஷன்களும் அன்றே வாரிசுக்கு உரிமையாகும். ராஜினாமா என்றால் உரிமையாகாதவை காலாவதி. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டால், பல திட்டங்களில் உரிமையானவையும் போய்விடும்.

கடிதத்தில் இதெல்லாம் இல்லாமல் ‘திட்டத்தின்படி’ என்று மட்டும் இருந்தால், அந்தக் கட்டத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. திட்ட ஆவணத்தை எச்.ஆரிடம் கேட்டு வாங்கி, பிரிவு எண்ணோடு அந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடிதமும் திட்டமும் முரண்பட்டால் பெரும்பாலும் திட்டம்தான் செல்லும் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள்.