சால்வை இருக்கட்டும், தொகை எவ்வளவு?

தேசியப் பாதுகாப்பு கவுன்சில் 1966 மார்ச் 4 அன்று தொடங்கப்பட்டது. அதையொட்டி ஆண்டுதோறும் மார்ச் மாதத் தொடக்கத்தில் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு வார விழா நடக்கும். கொடியேற்றம், உறுதிமொழி, கேண்டீனில் இனிப்பு, கூடவே வெளியிலிருந்து ஒரு பேச்சாளர். எல்லா ஆலைகளும் ஒரே வாரத்தில் ஆள் தேடுவதால், கடைசி நேரத்தில் கூப்பிடுகிறவர்களுக்குக் கிடைப்பவர்தான் பேச்சாளர்.

கோவையில் பவர் பிரஸ் ஓடும் ஓர் ஆலை, கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பாதுகாப்பு பற்றிச் சிறப்புரை ஆற்ற வேண்டுகிறோம்’ என்று மட்டும் எழுதினால், கல்லூரியில் காட்டிய ஆங்கில ஸ்லைடுகளோடு அவர் வந்து நிற்பார். குற்றம் அவருடையதல்ல. கடிதம் இப்படி இருந்திருக்கலாம்:

“கேட்பவர்கள் 120 பேர். பெரும்பாலோர் பிரஸ் ஓட்டுபவர்கள். முப்பது பேருக்கு இந்திதான் தெரியும், மொழிபெயர்க்க எங்கள் சூப்பர்வைசர் இருப்பார். விரல் துண்டானால் மருத்துவமனை சேரும்வரை என்ன செய்வது என்பதை மட்டும் 30 நிமிடம் பேசி, 15 நிமிடம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மதிப்பூதியம் ரூ.15,000, கார் எங்கள் பொறுப்பு.”

தலைப்பு இவ்வளவு குறுகியதும் மருத்துவருக்கு வேலை சுலபமாகிவிடும். துண்டான விரலை நேராக ஐஸில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அது திசுவைக் கெடுத்துவிடும். ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் இட்டு, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். மேடையிலேயே ஒரு கேரட் துண்டை வைத்து இதைச் செய்து காட்டிவிடலாம். செய்து காட்டினால் மொழி தெரியாதவருக்கும் புரியும்.

பணப் பேச்சில்தான் நம்மவர்களுக்குக் கூச்சம். ‘தக்க சன்மானம் வழங்கப்படும்’ என்று எழுதிவிட்டு, விழா முடிவில் சால்வையும் கேடயமும் கொடுத்து அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தொகையோடு, எத்தனை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும், பான் எண் வேண்டுமா என்பதையும் எழுதிவிடுவது நல்லது. ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் கொடுக்கும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும்; 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. நம் ஆலை தரும் 15,000 இதற்குள் வராது. ஆனால் அதே மருத்துவர் அதே ஆண்டில் நான்கு முறை வந்தால் வரும். கையில் குறைந்து வரப்போவதை அவருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அழைக்கப்படுபவர் அரசு மருத்துவராக இருந்தால் வேறொரு சிக்கல்: வெளியே பேசிப் பணம் வாங்க அவருக்கு மேலதிகாரியின் அனுமதி தேவைப்படும். தொகை எழுதிய கடிதம் இல்லாமல் அவர் எதைக் காட்டி அனுமதி கேட்பார்? அந்தக் கோப்பு நகர்வதற்கும் நாள் ஆகும் என்பதால், இவர்களுக்கான கடிதம் ஜனவரியிலேயே போய்விட வேண்டும்.