வைஃபைக்குப் போன் நம்பரா பாஸ்வேர்டு?

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீஸ் தேடிப் போனபோது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் போய் நின்றார்கள். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையும் அலைச்சலும் அவருக்குத்தான்.

"நாங்கள்தான் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோமே" என்பீர்கள். என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இணைப்பு கொடுக்க வரும் பையன் பெரும்பாலும் "உங்க நம்பரையே வச்சிடவா சார்?" என்று கேட்பான். நாமும் தலையாட்டிவிடுவோம். மறக்காது, சௌகரியம்.

ஏ.டி.எம்.மில் மூன்று முறை தப்பாகப் போட்டால் கார்டு முடங்கிவிடும். வைஃபையில் அந்தக் காவல் இல்லை. உங்கள் போன் ரூட்டரோடு சேரும்போது இரண்டும் சில தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் WPA2 முறையில், கீழே பார்க்கிங்கில் இருக்கும் ஒருவர் அதைப் பதிவு செய்துகொண்டு போய், தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். உங்கள் ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது.

எவ்வளவு நேரம் ஆகும்? நம் ஊர் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேம் விளையாடும் கணினியில் இருக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்குப் பத்து லட்சம் எண்களைச் சரிபார்க்கும். கணக்குப் போட்டால் 4,000 விநாடிகள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 2021இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தெருத்தெருவாகச் சென்று 5,000 வைஃபைகளின் தகவல்களைத் திரட்டி, சுமார் எழுபது சதவீதத்தைத் திறந்து காட்டினார். அங்கேயும் பலர் வைத்திருந்தது போன் நம்பர்தான்.

இதற்கு மாற்று, தலைசுற்ற வைக்கும் குறியீடுகள் இல்லை. நீளம்தான் முக்கியம். ஒரு புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து, விரல் பட்ட ஐந்து சொற்களை எடுங்கள். murungai jannal kudai sangu vandi என்பது போல ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். 2,000 சொற்களிலிருந்து ஐந்தைக் குருட்டாம்போக்கில் எடுத்தால், அதே கார்டு எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஆயிரம் ஆண்டுகள் ஆகும். நீங்களாக யோசித்து எடுக்காதீர்கள். மனம் பேத்தி பெயருக்கும் குலதெய்வத்துக்கும்தான் போகும். நான் சொன்ன ஐந்தையும் வைத்துவிடாதீர்கள், இந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்!

அடுத்து, பகிர்வது. வந்த விருந்தாளிக்கு வைஃபை தரமாட்டேன் என்று சொல்ல நம்மால் முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் ஒரு முறை கொடுத்தது அவர் போனிலேயே தங்கிவிடும். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் அதை க்யூஆர் படமாக அவர் இன்னொருவருக்குக் காட்டலாம். பல போன்களில் அந்தப் படத்துக்குக் கீழே பாஸ்வேர்டே எழுத்தில் தெரியும். திரும்ப வாங்க ஒரே வழி, மாற்றுவதுதான். மாற்றினால் டிவி, கேமரா, பேரனின் டேப்லட் எல்லாவற்றிலும் மறுபடி போட வேண்டும். அதனால்தான் யாரும் மாற்றுவதில்லை.

இதற்காகவே பல ரூட்டர்களில் "Guest Network" என்று ஒன்று இருக்கிறது. அதைத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டோடு திறந்து, உறவினர், வேலைக்கு வருபவர், ஏ.சி. மெக்கானிக் எல்லோருக்கும் அதையே கொடுங்கள். அவர்கள் போன பிறகு அதை மட்டும் மாற்றினால் போதும். அது உண்மையிலேயே தனியாக இருக்கிறதா என்று பார்க்க, உங்கள் போனை அதில் இணைத்து, பிரவுசரில் ரூட்டரின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) அடித்துப் பாருங்கள். ரூட்டரின் லாகின் பக்கம் திறந்தால் பிரிப்பு சரியில்லை, அமைப்புகளை மறுபடி பாருங்கள். அந்த லாகினுக்கு admin என்றே பாஸ்வேர்டு இருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே நுழைந்தவருக்குப் பல ரூட்டர்களில் வைஃபை பாஸ்வேர்டும் தெரிந்துவிடும். ஒரு சிறு குறை: டிவியை விருந்தினர் பக்கம் போட்டால், போனிலிருந்து அதற்குப் படம் அனுப்ப முடியாமல் போகலாம்.

கிளப் ஹவுஸ் வைஃபை பாஸ்வேர்டை நம் வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடாதீர்கள். வீட்டைக் காலி செய்து போனவர்கள் பலர் இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

போன் நம்பரை வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிடுங்கள். எப்படி என்று தெரியாத பெரியவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், பிள்ளைகள் வீட்டுக்கே வந்து செய்து தருவார்கள். புதுப் பாஸ்வேர்டை அடிக்கும்போது மட்டும் கீபோர்டில் உங்கள் கையே இருக்கட்டும்.