உங்களுக்குத் தெரியுமா? கோமாரி வெளிப்படும் முன்பே பரவிவிடும்

நாமக்கல்லை அடுத்த புதன்சந்தையில் வாங்கிய கறவைப் பசு, வீடு வந்த நாலைந்தாம் நாள் காய்ச்சல் கண்டு, கயிறு போல் எச்சில் ஒழுக, நாவிலும் ஈற்றிலும் குளம்புப் பிளவிலும் கொப்புளங்கள் வெடித்து நொண்டுமானால், அதுவே கோமாரியின் லட்சணம். ஆயினும் கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு தினங்கள் முன்னரே அதன் எச்சிலிலும் பாலிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறபடியால், கொப்புளம் கண்ட பிறகு ஒதுக்கிக் கட்டுவது பெரும்பாலும் காலங்கடந்த காரியமே.

ஆகவேதான் அனுபவசாலிகள், புதிதாய் வந்த மாட்டை நோய்க்குறி இல்லாவிடினும் 21 நாள் தனித்தொட்டியில் தண்ணீர் காட்டித் தனியே கட்டுவதோடு, கறவைக்காரரின் கையும் செருப்பும்கூட நோயைச் சுமக்கும் என்பதறிந்து, அந்த மாட்டைக் கடைசியாகவே கறக்கச் செய்கின்றனர். நோய் கண்ட கொட்டிலைக் கழுவ விலையுயர்ந்த திரவியங்கள் வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கிடைக்கும் சலவைச் சோடாவைப் பத்து லிட்டர் நீருக்கு 400 கிராம் வீதம் கரைத்தாலே போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு போடும் தடுப்பூசி பலனளிக்க இரண்டு வாரமேனும் செல்லுமாதலால், சந்தைக்குப் புறப்படும் காலையில் ஊசி போடுவது வீண். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதயம் தாக்கப்பட்ட இளங்கன்றோ, கொப்புளமே காணாமல் திடீரென மாண்டுவிடுவதுண்டு.