மை மாறிய இடம்

பிரான்சின் போர்தோ நகர நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் பத்திரமாக இருக்கிறது. 1588-இல் அச்சான மொன்தேனின் கட்டுரைத் தொகுப்பு; அவரே வைத்திருந்து திருத்திய பிரதி. பக்க ஓரமெல்லாம் அவருடைய பொடிக் கையெழுத்து. தன் அனுபவத்தை எழுதுகிற ஒருவர் எந்த இடத்தில் பிரசங்கத்தை விட்டுவிட்டு யோசிக்கத் தொடங்குகிறார் என்பதை இதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

நட்பைப் பற்றிய கட்டுரை அதற்கு நல்ல உதாரணம். தொடக்கத்தில் மொன்தேன் ஏறக்குறைய வாத்தியார்தான். தந்தை மகன் பாசம், சகோதர உறவு, திருமணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எதுவும் நட்புக்கு ஈடில்லை என்று பழைய நூல்களின் துணையோடு நிறுவுகிறார். பிறகு 1563-இல் இறந்துபோன தன் நண்பர் லா போயஸியிடம் வருகிறார். அவரை ஏன் அவ்வளவு நேசித்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்கிறார். அத்தனை நேரம் நட்புக்கு இலக்கணம் சொன்னவருக்குத் தன் நட்பை விளக்க வார்த்தை கிடைக்கவில்லை. 1580-இல் வந்த முதல் பதிப்பில் விஷயம் அதோடு முடிந்துவிடுகிறது.

பல வருடம் கழித்து அதே வரியின் ஓரத்தில் பேனா வைக்கிறார். அவர் அவராக இருந்ததுதான் காரணம் என்று சேர்க்கிறார். அதற்கும் பிறகு, வேறு மையில், நான் நானாக இருந்ததும்தான் என்று இன்னொரு காரணம். ஒரே மூச்சில் வந்ததுபோல் இன்று நாம் படிக்கும் வாக்கியம் மூன்று தடவையாக வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, விடை கிடைத்த பிறகும் ‘சொல்லத் தெரியவில்லை’ என்பதை அவர் அடிக்கவில்லை. பிரசங்கியாக இருந்தால் அதைத்தான் முதலில் அடித்திருப்பார். சேர்ப்பேன், திருத்த மாட்டேன் என்று மொன்தேன் எழுதியும் இருக்கிறார். (அந்தப் பிரதியில் அடித்தல்களும் உண்டு. சொன்ன சொல்லை முழுக்கக் காப்பாற்றியவரல்ல.)

‘ஒருவேளை’, ‘எனக்குத் தோன்றுகிறது’ போன்ற சொற்கள் தனக்குப் பிடிக்கும் என்று வேறொரு கட்டுரையில் சொல்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு வரிக்கு வரி ‘ஒருவேளை’ போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாக்கியம் துளியும் மாறாவிட்டால் அங்கே சந்தேகமே இருந்ததில்லை, வெறும் பணிவு வேஷம்.

மொன்தேன் சந்தேகமில்லாத இடத்தில் தயங்குவதும் இல்லை. தங்களுடையதைப் போன்ற நட்பு மூன்று நூற்றாண்டுக்கு ஒன்று அமைந்தாலே பெரிது என்று அதே கட்டுரையில் அடித்துச் சொல்கிறார். கொஞ்சம் அகம்பாவம் போலக்கூட ஒலிக்கிறது. ஆனால் வாசகர் எப்படி நண்பர்களைத் தேட வேண்டும் என்று பாடம் எடுக்க அதை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை; லா போயஸி இல்லாத நாட்களைத் தான் சும்மா இழுத்துக்கொண்டு போவதைச் சொல்லப் போய்விடுகிறார்.