84,500-ஆ, 61,300-ஆ?

மார்ச் 31 தேதியிட்டு, ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் தன் வாடிக்கையாளரான கடைக்காரருக்குக் கணக்கு அறிக்கை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 84,500 ரூபாய். கடைக்காரரின் பேரேட்டிலோ 61,300தான். வித்தியாசம் 23,200.

உடனே போனில் சண்டை பிடிப்பதுதான் வழக்கம். அதைவிட, இருவர் கணக்கும் கடைசியாக ஒத்துப்போன தேதியைக் கண்டுபிடித்து, அதற்குப் பின் வந்த பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக டிக் அடிப்பது நல்லது. டிக் விழாமல் நிற்பவைதான் வித்தியாசம்.

இங்கே நின்றவை மூன்று. கடைக்காரர் 31-ஆம் தேதி அனுப்பிய 15,000 ரூபாய் காசோலை வியாபாரிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மார்ச் 30-இல் லாரியில் ஏறிய 2,950 ரூபாய்ச் சரக்கு கடைக்கு ஏப்ரலில்தான் வந்தது. இவ்விரண்டும் நாள் இடைவெளி மட்டுமே; தானாகவே சரியாகிவிடும்.

மூன்றாவதுதான் வில்லங்கம். சாயம் போன சேலைகளைத் திருப்பி அனுப்பிக் கடைக்காரர் 5,250 ரூபாயைக் கழித்துவிட்டார். வியாபாரி கிரெடிட் நோட்டே போடவில்லை. சரக்கைத் திருப்பி அனுப்பிய லாரி ரசீது கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

84,500-இல் 15,000, 5,250 இரண்டையும் கழித்தால் 64,250. 61,300-உடன் 2,950-ஐக் கூட்டினாலும் அதே 64,250. இந்தத் தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட்டால் அடுத்த முறை இங்கிருந்தே தொடங்கலாம்.