சூரிய நமஸ்காரம்: மணிக்கட்டும் இடுப்பும்



சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பியவர்களுள் முக்கியமானவர், மகாராஷ்டிரப் பகுதியின் அவுந்த் சமஸ்தான அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி. 1920-களில் அவர் அதைப் பள்ளிகளுக்கும் கொண்டு சென்றார். வளரும் பிள்ளைகளுக்கு அது இலகு. காஜாங்கில் என்னைப் போல் அறுபதைக் கடந்து அதைத் தொடங்குவோர் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம்மிடையே வழக்கிலுள்ள முறையில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிலைகள். மூன்றாவதிலும் பத்தாவதிலும் முன்னால் குனிகிறோம். ஆகவே "12 சுற்றுதானே" என்பவர் 24 முறை குனிந்து நிமிர்கிறார். ஐந்தாவது நிலையில் உடலைப் பலகைபோல் நீட்டும்போது, எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு மணிக்கட்டிலும் 20 கிலோ, அதாவது இரண்டு பத்துக் கிலோ அரிசிப் பை. அதுவும் மணிக்கட்டு முழுவதும் பின்னால் வளைந்திருக்கும்போது!

பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் விழுவதால்தான் வலி வருகிறது. விரல்களை அகல விரித்து, பெருவிரல், சுட்டுவிரல் ஆகியவற்றின் அடியைத் தரையில் அழுத்துங்கள். தோள்கள் மணிக்கட்டைத் தாண்டி முன்னே போகக்கூடாது. அப்படியும் வலித்தால், சுவரோரம் வைத்த உறுதியான நாற்காலியின் இருக்கையில் கையூன்றிச் செய்யலாம். சுமை வெகுவாகக் குறையும். இரவில் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப் போனால், நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது கீழ்முதுகு. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை ஈர்த்து உப்பிக்கொள்கின்றன. எனவே எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் அதிகம். படுக்கையிலிருந்து நேரே பயிற்சிக்குச் செல்வது அதனால்தான் ஆகாது. நம் நாட்டில் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. 6 மணிக்கு எழுந்து, குளித்து, சற்று நடந்துவிட்டுத் தொடங்கினால் உதயமும் தவறாது, முதுகும் தயாராகிவிடும்.

குனியும்போது முழங்காலைத் தாராளமாக மடக்குங்கள். கை தரையைத் தொட்டே ஆகவேண்டும் என்பதில்லை. ஏழாவது நிலையான புஜங்காசனத்தில் கைகளை முழுதும் நீட்டி நிமிர்ந்தால், வளைவெல்லாம் இடுப்பின் ஒரே இடத்தில் விழும். முழங்கையை மடக்கி, தொப்புள் தரையில் இருக்க, நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள். பலகை நிலையில் வயிறு தொங்கத் தொடங்கினால் அன்றைய அளவு முடிந்தது என்று பொருள்.

தசை இழுத்த வலி பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் வலியோ கூச்சமோ முழங்காலுக்குக் கீழே இறங்கினால் அது தசைவலி அன்று; நிறுத்திவிட வேண்டும்.

முதல் வாரம் நாளொன்றுக்கு இரண்டே சுற்றுப் போதும், வலக்காலில் ஒன்று, இடக்காலில் ஒன்று. பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மறுநாள் காலையில் மணிக்கட்டும் இடுப்பும் வலியின்றி இருந்தால் மட்டும், அடுத்த வாரம் இரண்டு சுற்றுக் கூட்டுங்கள்.